நாற்பத்தொன்றா, நாற்பத்தெட்டா?

மதுரையில் எங்கள் தெருவில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். சித்த மருந்தானாலும் கும்பாபிஷேகத்துக்குப் பிந்தைய பூசையானாலும் அதுதான் கணக்கு. சபரிமலைக்கு மட்டும் 41. சிறுவயதில் அப்பாவிடம் கேட்டேன், ஐயப்பன் ஏழு நாள் தள்ளுபடி தருகிறாரா என்று. முதுகில் ஒன்று விழுந்தது.

விடை எளியது. அது மலையாள நாட்டுக் கணக்கு. நம் கார்த்திகை பிறக்கும் நாளில் அங்கே விருச்சிகம் பிறக்கிறது, நவம்பர் 16 அல்லது 17. அன்றிலிருந்து எண்ணினால் டிசம்பர் கடைசி வாரத்தில் 41ஆம் நாள் வரும். அன்று சன்னிதானத்தில் மண்டல பூசை முடிந்து நடை சாத்துவார்கள். சில நாள் கழித்து மகரவிளக்குக்காக மீண்டும் திறப்பார்கள்.

அந்தக் கணக்கு நம் தெருவுக்குள் வந்தது அண்மையில்தான். தென்மாவட்டங்களிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் 1950இல் கோயில் தீக்கிரையானது. மறு ஆண்டு புதிய ஐம்பொன் விக்கிரகம் நிறுவப்பட்டது. அதை வழங்கியவர் பி. டி. ராஜன்; நிறுவும் முன் தமிழக ஊர்கள் வழியாக ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். நீதிக்கட்சித் தலைவர், 1936இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் இந்த வேலையைச் செய்தார் என்பது நம் அரசியலை இரண்டே நிறத்தில் பார்க்கிறவர்களைச் சற்றுக் குழப்பும். நவாப் ராஜமாணிக்கம் தம் நாடகக் குழுவைக் கொண்டு ஐயப்பன் கதையை ஊர் ஊராக மேடையேற்றினார். என் தாத்தா தலைமுறைக்கு ஐயப்பன் அறிமுகமானது இப்படித்தான்.

விரதத்தின் கட்டுப்பாடுகள் காட்டுப் பயணத்தை மனத்தில் வைத்தவை என்பது என் எண்ணம். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் போகும் பெருவழி நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். யானை நடமாடும் காடு. வெறுங்கால், பாயில் படுக்கை, விடியுமுன் குளிர்ந்த நீரில் தலைக்குளியல், குறைந்த சைவ உணவு, மழிக்காத தாடி. ஆறு வாரம் இப்படி இருந்தவனுக்குக் காடு புதிதாகத் தெரியாது. இன்று பம்பை வரை பேருந்து போகிறது. மேலே ஏற வேண்டியது சுமார் ஐந்து கிலோமீட்டர். மூன்று நாள் மாலை போட்டுப் போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நடை குறைந்துவிட்டது என்பதால் விரதத்தையும் குறைத்தால், மிஞ்சுவது நல்ல சுற்றுலா.

டொராண்டோவில் நான் மாலை போட்டது ஒரு நவம்பர் 17. இங்கே குழாயில் வரும் தண்ணீருக்கு இரக்கம் கிடையாது. வீட்டுக்குள் மட்டும் வெறுங்கால், வெளியே காலணி என்று மதுரைக் குருசாமி தொலைபேசியில் அனுமதி தந்தார். விடிகாலை ஐந்துக்குக் குளியல், விளக்கு, பிறகு சரணகோஷம். மாலையிலும் அதேபோல். 108 சரணத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு பெயர் அல்லது ஒரு புகழ். முடிவில் ‘சரணம் ஐயப்பா’. ஒருவர் முன்சொல்ல, மற்றவர்கள் அந்த முடிவை வாங்கிச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவனுக்கு இது சிக்கல். முன்சொல்வதும் நான், வாங்குவதும் நான். இரண்டாம் வாரத்தில் என் பத்து வயது மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்து வாங்கத் தொடங்கினாள். அவளுக்குச் சரளமாக வரும் தமிழ் அன்று அந்த இரண்டு சொல்தான்.

இந்தச் ‘சரணம்’ பௌத்தத்திலிருந்து வந்தது என்று ஒரு வாதம் உண்டு. ‘சாஸ்தா’ என்ற பெயர் அமரகோசத்தில் புத்தருக்கு உரியதாக வருவதும் உண்மை. ஆனால் ராமானுஜரின் ‘சரணாகதி கத்யம்’ எழுந்ததும் அதே சொல்லின் மேல்தான். ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒரு கோயிலின் வம்சாவளியை எழுத முடியாது.

மாலை போட்டவனுக்கு எதிரில் நிற்பவர் எவரும் சாமி, பெண்கள் மாளிகைப்புறம். எண்பதை நெருங்கும் குருசாமி என்னைச் சாமி என்றார்; நானும் அவரைச் சாமி என்றேன். அவர் தாத்தாவின் தோழர். வேறெந்த நாளிலும் எங்களுக்குள் இந்தச் சமன் கிடையாது.

டிசம்பர் 10, 24ஆம் நாள். நள்ளிரவில் தொலைபேசி. சித்தப்பா போய்விட்டார். பங்காளித் தீட்டு. டிசம்பர் கடைசிக்கு எடுத்திருந்த விமானச் சீட்டு, முத்திரைத் தேங்காய்க்கு வாங்கி வைத்திருந்த நெய் எல்லாம் மேசை மேல் இருந்தன. பதினாறாம் நாள் கழிந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணலாமா, மகரவிளக்குக்குள் 41 நிறையுமா என்று அந்த இரவிலும் நான் தாளில் கணக்குப் போட்டேன். தொழில் புத்தி.

காலையில் குருசாமியை அழைத்தேன்.

“கழற்றிடுங்க சாமி. படத்துல சாத்திடுங்க. இந்த வருஷம் மலை இல்ல.”

“இருபத்து நாலு நாள் ஆச்சு சாமி.”

“ஆச்சுல்ல. கழற்றிட்டுக் கூப்பிடுங்க.”

கழற்றினேன். துளசி மணிகளில் சந்தனம் ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற மகள், நாளை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டாமா என்று கேட்டாள். மறுபடி அழைத்து, கழற்றிவிட்டதைச் சொன்னேன்.

“சரி தம்பி,” என்றார். “சித்திக்கு ஒரு போன் போடு முதல்ல.”