சரக்குக் கட்டணம் கோருதல் (திருவனந்தபுரம்)

முதன்முறை ஏற்றுமதி செய்பவர் சரக்கு அனுப்பும் முகவரிடம் (ஃபார்வர்டர்) விலை கேட்கும்போது எடையை மட்டும் எழுதினால் வரும் விலை பெரும்பாலும் நிலைப்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்புவதாகக் கொள்வோம்: 100 அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 60×40×40 செ.மீ., பெட்டி ஒன்றின் மொத்த எடை 8 கிலோ. தராசில் 800 கிலோதான். ஆனால் விமானச் சரக்கில் கன சென்டிமீட்டரை 6000-ஆல் வகுப்பது வழக்கம். பெட்டிக்கு 16 கிலோ வீதம் 1,600 கிலோவுக்குக் கட்டணம் விழும். கப்பலில் பகிர்வுக் கொள்கலனில் இதே சரக்கு 9.6 கன மீட்டர். சிப்ஸ் போன்ற இலேசான பொருளுக்கு அளவே விலையைத் தீர்மானிக்கிறது. பொதிந்த பெட்டியின் வெளிப்புறத்தில் அளவெடுக்க வேண்டும்.

அடுத்தது தேதி. சரக்கு தயாராகும் நாளையும் துபாயில் சேரவேண்டிய கடைசி நாளையும் தனித்தனியே குறிப்பிட்டு, விலை எந்தத் தேதிவரை செல்லும் என்றும் கேட்க வேண்டும். கொச்சி அல்லது தூத்துக்குடி வழியாக ஏற்றினால் அந்தத் துறைமுகம் வரையிலான லாரி வாடகை விலையில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுவது அவசியம். விழிஞ்ஞம் துறைமுகம் அருகிலேயே இருந்தாலும், 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது முதல் அது முதன்மையாகக் கப்பல் மாற்றுச் சரக்கையே கையாண்டு வந்துள்ளது.