தலைமுடி எண்ணெய்

தலைமுடி எண்ணெய் என்பது முடியின் தண்டைக் காக்கவும் சிக்கில்லாமல் வைக்கவும் தேய்க்கப்படும் எண்ணெய். முடி கொட்டுவதை நிறுத்தி வளரச் செய்யும் என்ற பெயரும் அதற்கு உண்டு. இந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், முடி உடைவதையும் வேரோடு உதிர்வதையும் ஒன்றாகவே கொட்டுதல் என்று எண்ணுவதுதான்.

சீப்பில் வந்த முடியைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். நீளமாக, ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு முடிச்சுடன் இருந்தால் அது மயிர்க்காலிலிருந்து உதிர்ந்தது. முடிச்சில்லாமல், துண்டு துண்டாக இருந்தால் இடையில் உடைந்தது.

உடைவதை எண்ணெய் குறைக்கும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயதாகியிருக்கும். அத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு குளியலிலும் அது நீரில் உப்பி, காயும்போது சுருங்கியிருக்கிறது. இதனால் மேலே உள்ள செதில்கள் தூக்கிக்கொள்ள, உள்ளிருக்கும் புரதம் சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் தண்டுக்குள் புகுந்து நீர் ஏறுவதைக் குறைக்கிறது. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் ரேலே, மோகிலே வெளியிட்ட ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்கள் ஒப்பிடப்பட்டன. புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் மேலே படிந்து வழுக்குத்தன்மை தரும். சிக்கெடுக்க அதுவும் உதவும். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே, நுனிவரை தேய்ப்பது நல்லது. உச்சந்தலையில் மட்டும் வைத்தால் மிகப் பழைய பகுதிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

வளர்ச்சி வேறு கதை. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. வளர்ச்சி மயிர்க்காலின் அடியில் நடக்கிறது. அதை ஹார்மோன், இரும்புச்சத்து, தைராய்டு, பரம்பரை போன்றவை பாதிக்கின்றன. தேங்காய் எண்ணெயோ, செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சியதோ மனிதரிடம் புது முடி முளைக்க வைத்ததற்கு உறுதியான சான்று இல்லை.

ஆனால் பலருக்கு எண்ணெய் பலித்ததாகத் தோன்றும். ஐப்பசியில் ஒருவருக்கு டெங்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலின் தாக்கத்தில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகும்; அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம். தை மாதம் கைகொள்ளாமல் முடி கொட்டும். காய்ச்சல் அதற்குள் மறந்தே போயிருக்கும். அப்போது புது எண்ணெய் வாங்கித் தேய்க்கிறார். ஆனிக்குள் கொட்டுவது நின்றுவிடுகிறது. எண்ணெய் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நின்றிருக்கும். பிரசவத்திற்குப் பிறகான முடி உதிர்வும் இப்படித்தான்.

ஆண்களின் பரம்பரை வழுக்கை தானாக நிற்பதில்லை. மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டே போவதால், மினாக்சிடில் போன்ற மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு முடி மிஞ்சும். எண்ணெயை நம்பிக் கழிக்கும் ஆண்டுகள் இங்கே உண்மையான இழப்பு. பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெய் ஊறவிடுவதைத் தவிர்க்க வேண்டும். பொடுகுக்குக் காரணமான மலசேசியா பூஞ்சை கொழுப்பை உண்டே பெருகுகிறது.