தாளும் பென்சிலும் பூனையும் - ஜப்பானிய எண்ணுச்சொற்களின் வரலாறு

ஜப்பானிய மொழியில் 'மூன்று பென்சில்' என்று எண்ணை நேராகப் பெயரோடு சேர்த்துவிட முடியாது. நீரைக் குவளையால் எண்ணுவது போல, எண்ணுக்குப் பின்னால் ஓர் எண்ணுச்சொல் வரவேண்டும். தாள், தட்டு, சட்டை போன்ற தட்டையானவற்றுக்கு 'மை'. பென்சில், குடை, கயிறு போன்ற நீண்டவற்றுக்கு 'ஹொன்'. பூனை, நாய், மீன், பூச்சி ஆகியவற்றுக்கு 'ஹிகி'. மூன்று தாள் 'சன்மை'. மூன்று பென்சில் 'சன்பொன்'. மூன்று பூனை 'சன்பிகி'.

இதைக் கண்டவுடன், ஜப்பானியர் உலகை வடிவங்களாகவே காண்கின்றனர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் இம்மூன்று சொற்களும் எழுதப்படும் சீன எழுத்துகளின் பழம்பொருளைத் தேடிச் சென்றால் வேறொரு காட்சி விரிகிறது. 'மை' என்பதன் எழுத்து மரத்தின் தண்டைக் குறித்தது. 'ஹொன்' மரத்தின் வேரை, அடியைக் குறித்தது. 'ஹிகி'யின் எழுத்து துணியை அளக்கும் ஓர் அளவு. தட்டை, நீளம், சிறு விலங்கு என்னும் பொருள்கள் இவற்றில் ஒன்றிலும் தொடக்கத்தில் இல்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று சீனத்திலேயே கிடைக்கிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ தொகுத்த 'மூன்று அரசுகளின் வரலாறு' என்னும் நூலில், ஜப்பானில் வாழ்ந்த 'வா' மக்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. வெய் அரசர் அரசி ஹிமிகோவுக்கு வழங்கிய வெண்கலக் கண்ணாடிகள் நூறும் அங்கே இன்றைய 'மை'யின் எழுத்தால் எண்ணப்படுகின்றன. கண்ணாடி தட்டையானதுதானே என்று நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் ஹிமிகோவுக்குப் பின் வந்த அரசி சீனத்துக்கு அனுப்பிய காணிக்கையில் வளைந்த பெரிய நீல மணிகள் இரண்டு உள்ளன. அவையும் அதே எழுத்தால்தான் எண்ணப்பட்டுள்ளன. அதே காணிக்கையில் இருபது பட்டுத்துணிகளை எண்ணியிருப்பது இன்று பூனையை எண்ணும் 'ஹிகி'யின் எழுத்து! அக்காலச் சீனத்தில் 'மை'யின் எழுத்து வடிவம் பாராமல் எப்பொருளுக்கும் வந்த பொது எண்ணுச்சொல். அதன் எச்சத்தை இன்றைய சீனத்திலும் காணலாம்: நாணயத்தையும் ஏவுகணையையும் அங்கே இந்த ஒரே எழுத்தால் எண்ணுகின்றனர்.

எழுத்தோடு எண்ணும் முறையையும் ஜப்பான் கடன் வாங்கியது. பிறகு அதைத் தன் போக்கில் வளர்த்தது. நீண்டவை 'ஹொன்' வசமும், சிறு உருண்டைகள் 'கோ' என்னும் வேறொரு சொல்லின் வசமும் சென்றன. 'மை' தட்டையானவற்றோடு நின்றது. 'ஹொன்' மரஞ்செடிகளை எண்ணும் சொல்லாக வந்து, மரத்தண்டைப் போல் நீண்ட அனைத்துக்கும் பரவியது. சீனமோ இதே எழுத்தைப் புத்தகத்தை எண்ணுவதற்கு வைத்துக்கொண்டது. ஜப்பானியத்தில் 'ஹொன்' என்றால் புத்தகம் என்றும் பொருள். ஆனால் புத்தகத்தை எண்ண 'ஹொன்' வராது, 'சட்சு' என்னும் சொல்தான் வரும்.

'ஹிகி'யின் கதை இன்னும் சுவையானது. சீனத்தில் அந்த எழுத்து துணிச்சுருளோடு குதிரையையும் எண்ணியது, இன்றும் எண்ணுகிறது. ஜப்பானில் குதிரையிலிருந்து பிற விலங்குகளுக்கும் அது பரவியது. மெய்ஜி காலத்தில் (1868-1912) தலை என்று பொருள்படும் 'தோ' பெருவழக்காகி, குதிரை, மாடு, யானை போன்ற பெரிய விலங்குகளைத் தன்பால் எடுத்துக்கொண்டது. எஞ்சிய சிறியவை 'ஹிகி'யிடம் தங்கின. ஆக, 'சிறு விலங்கு' என்பது அச்சொல்லின் பிறவிப் பொருளன்று. பெரியவை விலகிய பின் மிஞ்சிய பொருள். கிமோனோத் துணியை அளக்கையில் 'ஹிகி' இன்றும் தன் பழைய வேலையைப் பார்க்கிறது.

வடிவ விதியின் எல்லையைச் சூரை மீன் காட்டிவிடும். கடலில் நீந்தும்போது அது 'இப்பிகி'. பிடிபட்டுச் சந்தைக்கு வந்தால், தடித்த மரத்துண்டு போல் கிடக்கும் அதுவே 'இப்பொன்'. துண்டாக அறுத்து உணவுத்தட்டில் வைத்தால் 'ஹிதோகிரே', அதாவது ஒரு துண்டு. மீன் ஒன்றுதான். பேசுபவர் அதை உயிராகக் காண்கிறாரா, சரக்காகவா, உணவாகவா என்பதற்கேற்ப எண்ணுச்சொல் மாறுகிறது. தொலைபேசி அழைப்பையும் பேஸ்பால் ஆட்டத்தின் ஹோம் ரன்னையும் 'ஹொன்' கொண்டு எண்ணுவதும் இவ்வகையே. கம்பியின் நீளமும் பந்து பறக்கும் பாதையின் நீளமும் அங்கே எண்ணுபவர் மனத்தில் நிற்கின்றன.

எனவே தாளும் பென்சிலும் பூனையும் வெவ்வேறு எண்ணுச்சொல் பெற்றது யாரோ ஒருநாள் அமர்ந்து பொருள்களை வகை பிரித்ததால் அன்று. மரத்தண்டும் மரவேரும் துணிச்சுருளும் கடல் கடந்து சென்று, ஒன்றுக்கொன்று இடம் விட்டும் இடம் பறித்தும் வந்ததன் விளைவு அது. நாம் இன்று இலக்கண விதி என்று படிப்பது, அந்த நெடிய பங்கீடு இதுவரை வந்து நிற்கும் இடத்தைத்தான்.