யாருக்கு அண்ணன், யாருக்கு அம்மா?

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறினேன். கல்லூரிப் பையன் ஒருவன், பக்கத்து சீட்டில் பை வைத்திருந்த பெண்ணிடம், "அம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்தப் பெண் திரும்பி, "யாருக்குப்பா அம்மா? என் மூத்த பிள்ளையே ரெண்டாங்கிளாஸ்தான் படிக்குது" என்றார். பஸ்ஸே சிரித்தது. பையன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய இடம்தானா என்று எனக்குச் சந்தேகம்.

அவன் செய்த தவறு என்ன? "அம்மா" என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று வயதைச் சொல்வது, மற்றொன்று மதிப்பைச் சொல்வது. நான் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாத்தாக்கள் எல்லாம் "டீச்சரம்மா" என்றார்கள். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை, முன்னால் டீச்சர் நின்றதே! ஜெயலலிதாவை அவரைவிட மூத்தவர்களும் அம்மா என்றுதான் அழைத்தார்கள். பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் பதவி எதுவும் நிற்கவில்லை. அதனால் வயது மட்டும்தான் காதில் விழுந்தது. அதே சொல் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டால் வயது போய்விடும். "இங்க வாம்மா" என்று ஐந்து வயதுக் குழந்தையிடமும் சொல்கிறோம். அவன் "பையைக் கொஞ்சம் எடுங்கம்மா" என்றோ "அக்கா" என்றோ சொல்லியிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

"அண்ணா"வுக்கு வேறொரு பலம் உண்டு. நம் முறைப்படி மாமன் மகனும் அத்தை மகனும் கட்டிக்கொள்ளும் முறை. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி முறை. ஆக, கடைக்காரரையோ கண்டக்டரையோ ஒரு பெண் "அண்ணே" என்று கூப்பிட்டால், "உங்களோடு எனக்கு வேறு பேச்சு இல்லை" என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. மாமா, மச்சான் என்று அந்நியரைப் பெண்கள் கூப்பிடாததற்குக் காரணம் இதுதான். ஆசையோடு பேச வந்த வாலிபன் "அண்ணா" என்றதும் முகம் வாடுவதற்கும் இதுதான் காரணம்!

பழந்தமிழில் உறவுச் சொல்லே யாருடைய உறவு என்று சொல்லிவிடும். எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை. எம்பி, நும்பி, தம்பியும் அப்படித்தான். அண்ணன், அக்கா, அம்மா என்ற சொற்களில் அந்த அடையாளம் கிடையாது, யாரும் யாரையும் கூப்பிடலாம். ஆனால் ஊர் விட்டதா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் முதலில் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஒருவர் வருவார். வயது 50 இருக்கும். காலனியிலிருந்து வருவார். எட்டு வயதுப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி "வாடா" என்பார்கள். அவர் அந்தப் பிள்ளைகளைச் "சாமி" என்பார். சுதந்திர தினத்தன்று பெற்றோர் எல்லாம் கூடியிருந்தபோது, நான் வாய் தவறாமல், தெரிந்தேதான், "அண்ணே, அந்தக் குடத்தை இங்க வைங்க" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "டீச்சரம்மா, அவன் உங்களுக்கு அண்ணன்னா, நாங்க என்ன முறை?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முறை என்று வந்தால் அது ஒருவரோடு நிற்காது, எல்லாரையும் இழுத்துக்கொண்டு வரும். அவர் பயந்ததும் அதற்குத்தான்.

சாயங்காலம் தண்ணீர்க்காரரே வந்தார். "அம்மா, என்னைப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க, பேச்சு வாங்குறது நானு" என்றார். என் மரியாதைக்கு விலை கொடுத்தவர் அவர்.

பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணே என்று சொல்லவும் வழியில்லை. உறவுச் சொல்லையே விட்டுவிட்டேன். "வாங்க", "இங்க ஊத்துங்க", "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் பேசினேன். அந்த "ங்க"வைப் பிடித்து முறை கேட்க யாராலும் முடியவில்லை. ஆறு மாதத்தில் மூன்றாம் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள், வகுப்பறைக்குள் மட்டும், "தண்ணி ஊத்துங்க" என்று சொல்லப் பழகினார்கள். வாசலைத் தாண்டினால் பழையபடி "வாடா"தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

டவுன் பஸ்ஸில் "அண்ணே, ஒரு பெரியார்" என்று டிக்கெட் கேட்கும்போது கண்டக்டர் எந்தத் தெரு என்று நமக்குத் தெரியாது. நாம் எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியாது.

அந்த மூன்றாம் வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அவருடைய மகன் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயரை இங்கே போடவில்லை. உங்களுக்குத் தெரியும்.