உள்ளே போன மந்திரி: சதுரங்கத்தில் அகப்பட்ட காயை முன்கூட்டியே காண்பது எப்படி?

நறுவிலிக்குளத்துக்கு நான் போனது வேறொரு செய்திக்காக. அந்த வேலை மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் போய் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் அவரிடம் சதுரங்கம் பழக வருவார்கள். மாஸ்டர் சதுரங்கம் பழகியது இடம்பெயர்ந்திருந்த காலத்தில், பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய காய்களை வைத்து. இப்போது அவரிடம் ஒழுங்கான பலகைகள் இரண்டு இருக்கின்றன.

அன்று பலகையில் ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. எதிரே இருந்த பதினான்கு வயதுப் பெடியன் போன வருடம் வலய மட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் தோற்ற நிலை அது. அந்த ஆட்டத்தை வென்றிருந்தால் மாகாண மட்டத்துக்குப் போயிருப்பான்.

"ஏன் தம்பி மந்திரியை அங்க கொண்டு போனனீ?"

"சிப்பாய் சும்மா நிண்டது மாஸ்டர். எடுக்கலாம் எண்டு பாத்தன்."

"எடுத்தது சரி. திரும்பி வாறதுக்கு எந்த வழியைப் பாத்து வச்சனீ?"

பெடியன் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

அகப்படுவது என்றால் என்ன?

பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. வெள்ளை ஆடுபவரின் இடது கைப்பக்கத்திலிருந்து a முதல் h வரை எழுத்துகள். அவருக்குக் கிட்டவிருந்து 1 முதல் 8 வரை இலக்கங்கள். பெடியன் கறுப்பு. இரு பக்கத்துக் கோட்டைகளும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. d6 இல் நின்ற அவனுடைய மந்திரி (பிஷப் என்றும் சொல்வோம்) h2 இல் காவலில்லாமல் நின்ற சிப்பாயை எடுத்தது. வெள்ளை தன் g சிப்பாயை g3 க்கு ஒரு கட்டம் தள்ளியது. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

h2 இல் நிற்கும் மந்திரிக்கு இரண்டே வழிகள். ஒன்று g3. அங்கே நிற்கும் சிப்பாயை f2 சிப்பாய் காக்கிறது. மற்றது g1. வெள்ளை ராஜா f1 இல் நிற்பதால் அதுவும் அடைபட்டுவிட்டது. அடுத்த நகர்வில் ராஜா g2 க்கு வந்தால் மந்திரி போச்சு.

ஆக, ஒரு காய் அகப்பட்டது என்று சொல்ல இரண்டு விடயங்கள் சேர வேண்டும். அது போகக்கூடிய கட்டங்கள் எல்லாமே எதிராளியின் கையில் இருக்க வேண்டும். அதோடு, அது நிற்கும் இடத்திலேயே அதைத் தாக்க எதிராளியிடம் ஒரு காய் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது அடைபட்ட காய், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தாக்கும் காய் வந்து சேர எத்தனை நகர்வு? நான் ஒரு கதவைத் திறக்க எத்தனை நகர்வு? பெடியன் கதவைத் திறப்பதென்றால் h7 சிப்பாயை h5, h4 என்று கொண்டுவந்து g3 ஐ வெட்ட வேண்டும். அதற்கு மூன்று நகர்வுகள். வெள்ளை ராஜாவுக்கு ஒன்றே போதும்.

உலக வீரர் விட்ட அதே பிழை

இது சின்னப் பிள்ளைகள் மட்டும் விடும் பிழை அல்ல. 1972 ஜூலை 11 அன்று ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் உலகச் சம்பியன் போட்டியின் முதல் ஆட்டம் தொடங்கியது. வெள்ளை பொரிஸ் ஸ்பாஸ்கி, கறுப்பு பொபி ஃபிஷர். சமநிலையில் முடிய வேண்டிய அந்த ஆட்டத்தின் 29 ஆவது நகர்வில், ஃபிஷர் d6 இல் நின்ற மந்திரியால் h2 சிப்பாயை எடுத்தார். ஸ்பாஸ்கி g3 ஆடினார். நறுவிலிக்குளத்துப் பலகையில் நின்ற அதே கூடு.

ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்பாஸ்கியின் ராஜா தூரத்தில், d3 இல் நின்றது. அது g2 க்கு வர e2, f3, g2 என்று மூன்று நகர்வுகள் வேண்டும். ஃபிஷருக்கும் g3 ஐ வெட்ட அதே மூன்று நகர்வுகள். எண்ணிக்கை சமம் போலத் தெரிகிறது. அவர் h சிப்பாயை h5, h4 என்று தள்ளினார். ராஜா e2, f3 என்று வந்தது.

இப்போது சிப்பாயை இன்னும் தள்ளி h3 க்குக் கொண்டுபோனால் என்ன? ராஜா g4 க்கு வரும். மந்திரி g1 க்கு நழுவும், ராஜா h3 சிப்பாயை எடுக்கும், மந்திரி f2 சிப்பாயை எடுக்கும். வெளியே வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், c1 இல் சும்மா இருந்த வெள்ளை மந்திரி d2 க்கு வந்து e1 வழியை அடைக்கும். அடுத்து ராஜா g2 க்கு வந்தால் கறுப்பு மந்திரிக்குப் போக்கிடம் இல்லை. ராஜாவின் நகர்வுகளை மட்டும் எண்ணினால் இது தெரியாது. எதிராளியின் மற்றக் காய்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கடைசியில் ஃபிஷர் மந்திரியைக் கொடுத்து இரண்டு சிப்பாய்கள் வாங்கினார். அது போதவில்லை, 56 ஆவது நகர்வில் தோற்றார். ஆனால் அகப்பட்ட காயைச் சும்மா விட்டுக்கொடுக்காமல் கிடைத்த விலைக்கு விற்றதைக் கவனியுங்கள். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் அதுதான் முறை. அந்தப் போட்டித் தொடரைப் பிறகு அவரே 12.5 - 8.5 என்று வென்றார்.

ஓரத்துக் குதிரை

குதிரை அகப்படும் விதம் வேறு. நடுப் பலகையில் அதற்கு எட்டுக் கட்டங்கள். ஓரத்தில் நான்கு, மூலையில் இரண்டு. ஆகவே ஓரத்தில் நிற்கும் குதிரைக்கு நான்கு கட்டங்களை மூடினால் போதும். அந்த நான்கையும் தனி ஒரு மந்திரியே மூடிவிடும்.

கறுப்புக் குதிரையை a5 இல் வையுங்கள். அது b7, c6, c4, b3 ஆகிய கட்டங்களுக்குப் போகலாம். வெள்ளை மந்திரியை அதே வரிசையில் மூன்று கட்டம் தள்ளி d5 இல் வையுங்கள். ஒரு மூலைவிட்டத்தில் c6, b7. மறு மூலைவிட்டத்தில் c4, b3. நான்கும் மூடிவிட்டன. இனி வெள்ளைச் சிப்பாய் ஒன்று b4 க்கு வந்து தாக்கினால் குதிரை முடிந்தது. b6 சிப்பாய் அதைக் காத்தாலும் பயனில்லை. ஒரு குதிரைக்கு ஒரு சிப்பாய்தான் திரும்பக் கிடைக்கும்.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் கதவை மூட வேண்டும், பிறகுதான் தாக்க வேண்டும். மந்திரி d5 க்கு வரும் முன்னரே b4 ஆடினால் குதிரை எழும்பிப் போய்விடும். பிள்ளைகள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள் என்று மாஸ்டர் சொன்னார். தாக்கத் தெரிந்த பிள்ளை அவசரப்படும்.

மூலையில் நின்ற மந்திரி

மேலே சொன்னவற்றில் காய் எதிராளியின் பக்கம் போய் அகப்பட்டது, அல்லது ஓரத்தில் நின்று அகப்பட்டது. தூரத்து மூலையில், யாரும் தொடாத இடத்தில் நிற்கும் காய் பத்திரம் என்றுதான் தோன்றும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று உலகப் பட்டத்தைக் கைமாற்றியது அப்படி நின்ற ஒரு மந்திரிதான்.

சென்னையின் டி. குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் 13 ஆட்டங்களின் முடிவில் 6.5 - 6.5 என்று சமமாக நின்றார்கள். 14 ஆவது, கடைசி ஆட்டம். டிங் வெள்ளை. இருவரிடமும் ஒவ்வொரு கோட்டை, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் ஒவ்வொரு மந்திரி. குகேஷிடம் f5, g4 இல் இரண்டு சிப்பாய்கள். டிங்கிடம் g3 இல் ஒன்று. ஒரு சிப்பாய் குறைவென்றாலும், கோட்டையும் மந்திரியும் பலகையில் இருக்கும்வரை டிங்கால் சமநிலைக்குத் தாக்குப்பிடிக்க முடிந்தது.

53 ஆவது நகர்வில் டிங் தன் மந்திரியை b7 இலிருந்து a8 மூலைக்குக் கொண்டுபோனார். ஆபத்து எதுவும் தெரியாத நகர்வு. ஆனால் b7 இல் நிற்கும் மந்திரிக்கு இரண்டு மூலைவிட்டங்கள் உண்டு, a8 இல் நிற்பதற்கு ஒன்றுதான். 55 ஆவது நகர்வில் அவர் கோட்டையை f2 இல் வைத்து, கோட்டைக்குக் கோட்டை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திரும்ப வெட்டியது.

அடுத்து குகேஷின் மந்திரி e6 இலிருந்து d5 க்கு வந்தது. அதன் பின்னால் e5 இல் அவருடைய ராஜா. இப்போது a8 மந்திரியின் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். b7 க்குப் போனால் d5 மந்திரி வெட்டும். c6 க்குப் போனாலும் வெட்டும். அங்கேயே நின்றாலும் வெட்டும். d5 ஐத் தானே வெட்டினால் ராஜா திரும்ப வெட்டும். காய்க்குக் காய் சமமாகப் போனாலும், மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. இரண்டு சிப்பாய்களுக்கு எதிராக ஒன்று. ராஜா e5 இல் வந்து எதிரே நின்றதும் வெள்ளை ராஜா வழிவிட்டே ஆக வேண்டும். கறுப்பு ராஜா சுற்றிப் போய் g3 ஐ எடுத்துவிடும். 58 ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். மந்திரி a8 இல் இல்லாமல் b7 இல் நின்றிருந்தால், அது c8 க்கு விலகி f5 சிப்பாயைத் தாக்கியிருக்கும்.

குகேஷும் இதை உடனே காணவில்லை. கோட்டையை b3 க்கு நகர்த்தவே முதலில் எண்ணியதாகவும், பிறகுதான் மந்திரி அகப்படுவதைக் கண்டதாகவும் ஆட்டத்தின் பின் அவரே சொன்னார். 18 வயதில் அவர் உலகச் சம்பியனானார்.

விறாந்தையில்

இவ்வளவையும் மாஸ்டர் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கமாகச் சுருக்கித் தருகிறார். மந்திரியையோ குதிரையையோ தூக்க முன், போகும் கட்டத்தில் அது ஏற்கெனவே நிற்பதாக நினைத்துக்கொள். அங்கிருந்து அதற்கு எத்தனை கட்டம் என்று விரலில் எண்ணு. இரண்டுக்குக் குறைவாக வந்தால் கையை எடு. பிறகு எதிராளி ஒரு சிப்பாயைத் தள்ளினால் எத்தனை மிஞ்சும் என்று இன்னொருமுறை எண்ணு. எதிராளியின் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் அவருடைய காய்களுக்கும் இதையே செய். பூச்சியமோ ஒன்றோ வந்தால், அங்கே உனக்கொரு வேலை இருக்கிறது.

பெடியன் மந்திரியைத் திரும்ப d6 இல் வைத்தான். h2 சிப்பாய் இன்னும் காவலில்லாமல் நின்றது. விரலை மடித்து எண்ணினான். கொஞ்ச நேரம் கழித்து மந்திரியை விட்டுவிட்டு ராஜாவை நடுவுக்கு நகர்த்தினான்.

"சிப்பாய் நிக்குது மாஸ்டர்," என்றான்.

"நிக்கட்டும்," என்றார் அவர்.