எந்த ஊருக்கு முதல்ல? சீட்டுக் குலுக்கி நடத்தும் மனநலச் சோதனை... 'ஸ்டெப்டு வெட்ஜ்' என்றால் என்ன?

குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் 645 கிராமங்களுக்கு 'ஆத்மீயதா' என்ற மனநலத் திட்டம் போனது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்விலும் பதற்றத்திலும் இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேச வைக்கும் திட்டம் அது. ஆனா எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போகவில்லை. யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

ஏன் இப்படி?

புதுச்சேரி வீராம்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறையும், கடன் ஏறும், தூக்கம் போகும். மே மாதம் கணக்கெடுத்துவிட்டு, திட்டத்தைத் தொடங்கி, ஆகஸ்டில் மறுபடி கேட்டால் பலர் "இப்ப பரவாயில்லை" என்பார்கள். அது திட்டத்தாலா, படகு கடலுக்குப் போனதாலா? முன்-பின் கணக்கை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது.

அதே ஆகஸ்டில் திட்டம் இன்னும் போகாத இன்னொரு மீனவக் கிராமம் வேண்டும். அங்கும் அதே அளவு நிம்மதி தெரிந்தால், காரணம் திட்டம் இல்லை.

எப்படி நடத்துவது?

உதாரணத்துக்கு, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் 20 கிராமங்கள் என்று வைப்போம். குலுக்கலில் ஐந்து ஐந்தாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு, ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒன்று, மொத்தம் ஐந்து. ஒவ்வொரு முறையும் 20 ஊரிலும் கேட்கணும், காத்திருக்கும் ஊர்கள் உட்பட. மேசானாவில் தூக்கம், கவலை பற்றியெல்லாம் கேட்கும் ஜிஹெச்க்யூ-12 என்ற 12 கேள்விப் பட்டியலைப் பயன்படுத்தினார்கள். கேட்பவருக்கு அந்த ஊரில் திட்டம் வந்ததா இல்லையா என்பது தெரியாமல் இருந்தால் நல்லது.

எங்கே சொதப்பும்?

"கஷ்டம் அதிகமுள்ள ஊருக்கு முதலில் கொடுங்க" என்று யாராவது வரிசையை மாற்றினால் ஒப்பீடே போச்சு. அடுத்தது கசிவு. மீனவக் கிராமங்களுக்குள் கொடுக்கல் வாங்கல், சம்பந்தம் எல்லாம் உண்டு. பயிற்சி பெற்ற அக்கா பக்கத்து ஊர் தங்கச்சியிடம் பேசாமலா இருப்பார்? அதனால் காத்திருக்கும் ஊரிலும் "உங்களிடம் யாராவது வந்து பேசினாங்களா?" என்று கேட்டே ஆகணும். நிறைய 'ஆமாம்' வந்தால், திட்டத்தின் பலன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இந்த முறை முதலில் பேர் வாங்கியது 1980-களில், காம்பியா நாட்டின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டத்தில். நாடு முழுக்க ஒரே நேரத்தில் போட முடியாததால், பகுதி பகுதியாகப் போட்டார்கள். மேசானா முடிவு 2023-ல் வெளியானது: திட்டம் போன ஊர்களில் மூன்று மாதத்தில் அதிகம் பேர் தேறினார்கள், எட்டாவது மாதத்திலும் அந்த வித்தியாசம் நீடித்தது.

(மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண்: 14416)