எனக்கென்ன குறைச்சல்?

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இலோன் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் ஒரு விளம்பர வாசகம் எழுதினார். லொரெயால் கம்பெனியின் தலைமுடிச் சாயம், போட்டிக் கம்பெனியின் சாயத்தைவிட விலை கூடுதல். எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டால் அந்தப் பெண் சொல்லும் பதில்: 'பிகாஸ் ஐ'ம் வொர்த் இட்.'

பிரெஞ்சில் இது 'பார்ஸ் க ழ லெ வோ பியான்' ஆயிற்று. கடையில் விலை கேட்கவும் மனிதரை மதிப்பிடவும் அங்கே ஒரே வினைச்சொல்தான், அதனால் சிரமமில்லை. 'பியான்' என்ற சிறு சொல் கொஞ்சம் செருக்கையும் சேர்த்தது.

தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஏனென்றால் நான் தகுதியானவள்' என்று வரும். நாங்கள் ஆபீஸ் கோப்பில் எழுதுகிற தமிழ் அது. உதவித்தொகைக்கு மனுப் போட்டவள் பேசுவதுபோல் இருக்கும். மேலும், பதில் சொல்லும்போது நம் பெண்கள் யாரும் 'ஏனென்றால்' என்று தொடங்குவதில்லை. பதிலையே கேள்வியாகத் திருப்பிவிடுவார்கள்: 'ஏன், எனக்கென்ன குறைச்சல்?' விலை என்ற சொல் இதில் இல்லைதான். ஆனால் அந்தத் தலைநிமிர்வு அப்படியே இருக்கிறது.

பிற்பாடு ஆங்கிலத்தில் 'நான்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றினார்கள். அங்கே அது உபசாரம். தமிழில் 'உங்களுக்கென்ன குறைச்சல்!' என்று போட்டால் பக்கத்து வீட்டுக்காரி பொறாமையில் சொல்வதுபோல் ஆகிவிடும். அதற்கு வேறு வாசகம்தான் தேடவேண்டும்.